வாசலில் ஒரு வினைச்சொல்

அடுக்குமாடி வீட்டின் அழைப்புமணி ஒலிக்கிறது. பொட்டலத்துடன் நிற்பவர் தமிழர். உள்ளிருந்தவாறே நாம், "வாசல்லயே வெச்சிட்டுப் போங்க" என்கிறோம். மரியாதை விகுதி முறையாகவே இருக்கிறது. ஆயினும் கேட்பவருக்கு அது விரட்டுவதுபோல் ஒலிக்கக்கூடும். தொடரை முடிக்கும் வினை 'போ' என்பதே காரணம்.

விடைகொடுக்கும்போது நாம் 'போ' என்று முடிப்பதில்லை. அதனை எச்சமாக்கி, "போயிட்டு வாங்க" என்று 'வா' வினையால் முடிப்பதே வழக்கு. அவர் திரும்பி வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்; இங்கே 'வா' வருகையைக் குறிப்பதன்று, இணக்கத்தைக் குறிப்பது.

ஆகவே, "அங்கேயே வெச்சிடுங்க அண்ணே" என்று வைத்தலோடு நிறுத்திக்கொள்ளலாம். 'நன்றி' என்னும் சொல் வீட்டுப் பேச்சில் சற்று மேடைத்தன்மை உடையது. (இளையோர் 'தேங்ஸ்' என்பதில் வியப்பில்லை.) "மழையில நனைஞ்சிட்டீங்களே" என்று அவர் பட்ட சிரமத்தைச் சொல்வதே அவ்விடத்தில் நன்றியாக நிற்கும். பிறகு, "பார்த்துப் போயிட்டு வாங்க."

வந்தவர் இளைஞராயின் 'தம்பி' எனலாம். அப்போதும் வினை 'வாங்க' என்றே இருத்தல் வேண்டும். முன்பின் அறியாதவரிடம் "தம்பி, போயிட்டு வா" என்றால், முறைப்பெயர் தந்த நெருக்கத்தை வினைமுற்று பறித்துவிடும்.