ஆய்வகத் தீக்காயம்: அறிவியல் ஆசிரியரின் அறிக்கை

ஆய்வகத்தில் ஒரு மாணவிக்குத் தீக்காயம் பட்டால், அறிவியல் ஆசிரியர் அன்றைக்கே எழுதித் தரும் அறிக்கையை இரு தரப்பினர் படிக்கிறார்கள். விபத்து மறுபடி நிகழாமல் தடுக்கத் தலைமையாசிரியருக்குக் காரணம் தெரிய வேண்டும். பிள்ளைக்கு என்ன ஆனது, உடனே என்ன செய்தார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிய வேண்டும்.

இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். பச்சையம் நீங்குவதற்காக இலையை ஆல்கஹாலில் சூடாக்குவார்கள். ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேசையை ஒட்டிப் பரவி, சற்றுத் தள்ளி எரியும் விளக்கிலும் பற்றிக்கொள்ளும். அதனால்தான் முதலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, விளக்கை அணைத்த பிறகே ஆல்கஹால் குழாயை அந்த வெந்நீரில் நிறுத்த வேண்டும். ஆல்கஹாலின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. தீப்பிடித்தது தெரியாமலே பிள்ளைகள் குழாயை எடுக்கக் கைநீட்டிவிடுவார்கள்.

இப்படி ஒரு மாணவியின் புறங்கை சுட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். “மாணவியின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது” என்று எழுதினால், அது தீர்ப்பாகிவிடுமே தவிர, எதையும் விளக்காது. “வெந்நீர்ப் பீக்கரின் கீழ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழாயின் வாயில் தீப்பற்றியது. மாணவி குழாயை வெளியே எடுத்தபோது, எரியும் ஆல்கஹால் வலது புறங்கையில் சிந்தியது. ஆசிரியர் அப்போது அடுத்த மேசையில் இருந்தார்” என்று எழுதினால் காரணம் தானே புலப்படும். நேரில் கண்டதையும் மாணவர்கள் சொல்லக் கேட்டதையும் பிரித்து எழுதுவது அவசியம். தான் நின்ற இடத்தை ஆசிரியர் மறைத்தால் மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

காயத்தைப் பற்றி எழுதும்போது அது எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில் இருக்கிறது, தோல் சிவந்திருக்கிறதா, கொப்புளம் எழும்பியதா என்று கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் குறிப்பிட வேண்டும். காயத்தின் ஆழத்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலுதவியை நேரத்தோடு எழுதுவது இன்னும் முக்கியம். 11.20-க்கு விபத்து, 11.21-க்குக் குழாய்த் தண்ணீரில் கை, வீக்கம் வருமுன் வளையல் கழற்றப்பட்டது, 11.41 வரை, அதாவது 20 நிமிடம், தண்ணீர் ஓடியது. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடப்பட்டது. ஐஸ், பற்பசை, மை எதுவும் வைக்கவில்லை என்பதையும் எழுதலாம். வீட்டில் பலரும் முதலில் தேடுவது அவற்றைத்தான். பெற்றோருக்குத் தொலைபேசியில் சொன்ன நேரமும் மருத்துவமனைக்கு உடன் சென்றவர் யார் என்பதும் அடுத்து வரும்.

பெற்றோருக்குத் தரும் நகலில் மற்ற மாணவர்களின் பெயர் வேண்டாம். “உடனிருந்த மாணவர்” என்றாலே போதும். பெற்றோர் அந்த நகலைக் கேட்டு வாங்கி மருத்துவரிடம் காட்ட வேண்டும். எதனால் சுட்டது, எத்தனை நிமிடம் தண்ணீரில் காட்டினார்கள் என்பதை அவர் கட்டாயம் கேட்பார்.