கூட்டினால் 11 வரவேண்டிய அன்னாசி

ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடி வீடு. சாப்பாட்டு மேசையில் பழைய பின்னல் புத்தகமொன்று திறந்து கிடக்கிறது. பழைய சாமான் விற்கும் கடையில் ஒன்றிரண்டு டொலருக்கு வாங்கியது. அட்டையில் வட்டமான மேசைவிரிப்பு. அதைச் சுற்றிக் கூர்நுனி வெளிப்பக்கம் பார்க்க எட்டு அன்னாசிகள். புத்தகத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரியைப் பார்த்துப் பின்னியது இருக்கிறது. அதில் அன்னாசியைக் காணோம்.

"அன்ரி, இதென்ன, அன்னாசி எண்டு சொல்லிப்போட்டு அப்பம் மாதிரிக் கிடக்கு?" என்கிறாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"புத்தகத்திலை போட்டபடிதான் பின்னினனான் பிள்ளை. ஒண்டும் விடேல்லை."

அவர் சொல்வது உண்மை. ஒன்றும் விடவில்லை, கை பழக்கம் தப்பவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளித் தையல் வகுப்பில் குரோஷே படித்தவர் அவர். படித்தது பிரிட்டிஷ் முறை, புத்தகமோ அமெரிக்க முறை. இரண்டிலும் ஒரே பெயர்கள் வேறு வேறு தையல்களைக் குறிக்கும். அமெரிக்கர் டபுள் குரோஷே என்பதை பிரிட்டிஷார் ட்ரெபிள் என்பார்கள். பிரிட்டிஷாரின் டபுள் குரோஷேதான் அமெரிக்கரின் சிங்கிள் குரோஷே. ஏறக்குறைய மூன்று செயின் உயரத்துக்கு நிற்கவேண்டிய தையல், பிரிட்டிஷ் கையில் ஒரு செயின் உயரத்திலேயே படுத்துவிடும். அன்னாசியின் அடியும் பக்கத்து ஷெல்களும் அப்படிக் குறுகிப்போனால் மிஞ்சுவது அப்பம்தான்.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். ஊரிலிருந்து வந்த பிரிட்டிஷ் புத்தகத்தைக் கனடாவில் படித்த மகள் எடுத்துப் பின்னினால், வலை வளையங்களைப் பிடிக்கவேண்டிய குட்டைத் தையலுக்குப் பதிலாக நெட்டைத் தையல் விழும். அன்னாசி ஏணிபோல் நீண்டுவிடும். ஆக, குட்டையாக வந்தால் அமெரிக்கப் புத்தகத்தை பிரிட்டிஷ் கண்ணால் படித்திருக்கிறோம். நெட்டையாக வந்தால் மறுபக்கம்.

பின்னத் தொடங்குமுன்னே இதைக் கண்டுபிடிக்கலாம். பக்கத்தில் எங்காவது "சிங்கிள் குரோஷே" என்றோ அதன் சுருக்கமான "எஸ்.சி." என்றோ இருந்தால் அது அமெரிக்க முறை. இன்றைய பிரிட்டிஷ் முறையில் அப்படியொரு தையல் பெயரே கிடையாது. ஒரு தையலைத் தாண்டச் சொல்லும்போது "ஸ்கிப்" என்றால் அமெரிக்கா, "மிஸ்" என்றால் பெரும்பாலும் பிரிட்டன். ரொறன்ரோவில் நூற்கடையில் கிடைக்கும் புத்தகங்கள் அநேகமாக அமெரிக்க முறைதான். வீட்டு அலுமாரியில் அம்மாவின் காலத்திலிருந்து கிடப்பவற்றைத்தான் சோதிக்கவேண்டும்.

வாக்கியங்களை நம்பாதவர்களுக்குக் குறிப்படம் இருக்கிறது. ஜப்பானியப் புத்தகங்கள் பெரும்பாலும் படத்தாலேயே பேசும். சின்ன முட்டை வடிவம் செயின். பெருக்கல் அல்லது கூட்டல் குறி, அமெரிக்கரின் சிங்கிள். ஒரு கோடு குறுக்கே வெட்டிய டி எழுத்து, அமெரிக்கரின் டபுள். யாழ்ப்பாணத்தில் படித்தவரும் ரொறன்ரோவில் படித்தவரும் ஒரே படத்திலிருந்து ஒரே அன்னாசியைப் பின்னுவார்கள்.

தமிழர்களுக்கு லேஸ் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் லேஸ் பள்ளி நடத்தினார். ஆனால் அது தலையணைமேல் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்யும் லேஸ், குரோஷே அல்ல. கொக்கியூசியால் பின்னும் லேஸுக்கு இந்தியாவில் பெயர்பெற்ற ஊர் ஆந்திரத்து நரசாபூர். அங்கே வீட்டிலிருந்து கூலிக்குப் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் எழுதிய புத்தகம் இன்றும் பேசப்படுகிறது. ரொறன்ரோவின் பழைய கடைகளில் கிடைக்கும் அன்னாசி மாதிரிகளோ வேறு வழியில் வந்தவை. 1930களிலிருந்து 50கள் வரை அமெரிக்க நூல் கம்பெனிகள் தங்கள் பருத்தி நூல் விற்பதற்காக மலிவுப் புத்தகங்களாக அவற்றை அச்சடித்துத் தள்ளின. பக்கங்களை மிச்சம் பிடிக்கச் சுருக்கியே எழுதினார்கள். அந்தச் சுருக்கத்தைத்தான் இன்றைக்குப் பின்னுகிறவர் விரித்துப் படிக்கவேண்டியிருக்கிறது.

ஒற்றை அன்னாசியைப் பிரித்துப் பார்த்தால் மிரட்டல் ஒன்றுமில்லை. இனி வருவன எல்லாம் அமெரிக்கப் பெயர்கள். இரண்டு பக்கமும் காவலுக்கு ஒவ்வொரு ஷெல். ஒரே இடத்தில் இரண்டு டபுள், இரண்டு செயின், இரண்டு டபுள் போட்டால் அது ஷெல். ஒவ்வொரு வரிசையிலும் ஷெல்லின் நடு இடைவெளிக்குள்ளேயே அடுத்த ஷெல் உட்காரும். ஷெல்லுக்கும் பழத்துக்கும் நடுவில் இரண்டு செயின்.

முதல் வரிசையில் நடு இடைவெளிக்குள் 10 டபுள். இதுதான் பழத்தின் அடி. இரண்டாம் வரிசையில் அந்தப் பத்தின் தலையிலும் ஒவ்வொரு டபுள், நடுவே ஒவ்வொரு செயின். ஆக 9 சின்னச் சன்னல்கள். மூன்றாம் வரிசையில் முதல் சன்னலில் ஒரு சிங்கிள், பிறகு மூன்று செயின் போட்டு அடுத்த சன்னலில் ஒரு சிங்கிள், இப்படியே கடைசிச் சன்னல் வரை. இப்போது 8 வளையங்கள். நான்காம் வரிசையில் முதல் வளையத்தில் சிங்கிள் போட்டுத் தொடங்கினால் 7. பத்தாம் வரிசையில் ஒரே ஒரு வளையம் மிஞ்சும். பதினொன்றில் அதற்குள் ஒரு சிங்கிள் போட்டால் பழத்தின் வாய் மூடும். பன்னிரண்டில் இரண்டு ஷெல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.

எண்களைக் கொஞ்சம் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். முதல் வரிசையில் 10, இரண்டாவதில் 9, மூன்றாவதில் 8. வரிசை எண்ணையும் அந்த வரிசையில் உள்ளதையும் கூட்டினால் எப்போதும் 11. டெலிபோன் பேசிக்கொண்டே பின்னி, எத்தனையாவது வரிசை என்பது மறந்துபோனாலும் கவலையில்லை. வளையம் 5 என்றால் 6ஆம் வரிசை முடிந்திருக்கிறது. அடியில் 14 டபுள் போடும் மாதிரியில் கூட்டுத்தொகை 15 ஆகும். நடுவில் வெறும் வரிசை ஒன்றைச் செருகும் மாதிரிகளும் உண்டு. அவற்றில் கூட்டுத்தொகை நகரும். ஆனால் வலை தொடங்கிய பிறகு வரிசைக்கு ஒன்று குறைவது மாறாது.

பழம் கெடுவது பெரும்பாலும் வரிசையின் முதல் சிங்கிளில்தான். ஷெல்லை முடித்து இரண்டு செயின் போட்டதும் கொக்கி தானாகவே பக்கத்தில் உள்ள இரண்டு செயின் இடைவெளிக்குள் நுழையப் பார்க்கும். அது பழத்தின் வளையமல்ல, வெளி வாசல். அங்கே சிங்கிள் போட்டால் குறையவேண்டிய ஒரு வளையம் குறையாது. ஒரே ஒரு வரிசையில் இப்படி நடந்தால் அந்த இடத்தில் பழத்தின் பக்கம் படி இறங்காமல் நேராக நிற்கும். இரண்டு முனையிலும் செய்தால் 8 வளையம் 9 ஆகும், பழம் தலைகீழாகும். மறுபுறம், நடுவில் ஒரு வளையத்தைத் தாண்டிவிட்டால் இரண்டு குறையும். அங்கே நீளமான ஒரு ஓட்டை தெரியும், நுனி ஒரு பக்கமாகச் சாயும். விரித்துவைத்துப் பார்த்தால் பழத்தின் இரு பக்கமும் மாடிப்படி மாதிரி ஒரே அளவில் உள்ளே வரவேண்டும். எந்தப் படி உடைந்திருக்கிறதோ அந்த வரிசை வரை அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. நுனிக்கருகே ஒரு வளையத்தைக் களவாகக் குறைத்துக் கணக்கைச் சரிக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எண் சரியாகிவிடும், சாய்வு சரியாகாது.

வட்ட விரிப்பில் இன்னொரு சிக்கல். எட்டு பழம் என்றால் புத்தகம் ஒரு பங்கைத்தான் எழுதும். நட்சத்திரக் குறியிலிருந்து இன்னும் 7 தரம் செய் என்று முடித்துவிடும். ஒருமுறை செய்துவிட்டுத்தான் அந்த 7. மொத்தம் 8. அதோடு வரிசையின் முதல் ஷெல் நட்சத்திரத்துக்கு முன்னாலேயே, மூன்று செயினை ஒரு டபுளாகக் கணக்கிட்டுத் தொடங்கிவிடும். எனவே நட்சத்திரத்துக்குள் ஒவ்வொரு பங்கும் பழத்தில் தொடங்கி ஷெல்லில் முடியும். கடைசிப் பங்கு மட்டும் ஷெல் இல்லாமல் நின்று, தொடக்கத்தோடு இணையும். இதைக் கவனியாதவர் ஒன்பதாவது ஷெல்லைப் போட்டுவிட்டு எங்கே தவறினோம் என்று தேடுவார். ஒவ்வொரு ஷெல்லின் நடுவிலும் வேறு நிறத்தில் ஒரு துண்டு நூலைச் செருகிவிட்டால் எட்டு பங்கும் கண்ணுக்குத் தெரியும்.

பெரிய விரிப்புகளில் பழங்கள் மாறி மாறி அடுக்கியிருக்கும். இந்த வரிசைப் பழம் முடியுமுன்னே அடுத்தது தொடங்கிவிடும். எங்கே தொடங்குகிறது என்பதை ஷெல் காட்டிக்கொடுக்கும். திடீரென்று ஒரு ஷெல்லில் இரண்டு டபுள், இரண்டு செயின், இரண்டு டபுள் என்பதோடு நில்லாமல் இன்னும் இரண்டு செயின், இரண்டு டபுள் சேரும். ஒன்று இரண்டாகப் பிரியப்போகிறது. பிரிந்ததும் நடுவே திறக்கும் இடைவெளியில்தான் புதுப் பழத்தின் அடி.

சில மாதிரிகளில் கடைசி வரிசைகளை ஒவ்வொரு பழத்துக்கும் தனித்தனியாகத் திருப்பித் திருப்பிப் பின்னவேண்டும். திருப்பியதும் ஸ்லிப் தையலால் இரண்டு டபுள்மேல் நடந்து ஷெல்லின் நடுவுக்குப் போன பிறகே மூன்று செயின் எழும்பவேண்டும். நடக்காமல் ஓரத்திலிருந்தே எழுப்பினால் ஷெல் ஒவ்வொரு வரிசையிலும் வெளியே நகர்ந்து, கூர்நுனி அகலிக்கும்.

வடிவம் துல்லியமாக வர நூலும் உதவவேண்டும். பத்தாம் நம்பர் மெர்சரைஸ்ட் பருத்தி, 1.5 மில்லிமீட்டர் ஸ்டீல் ஊசி, பழகுகிறவருக்கு இது போதும். நூல் நம்பர் கூடக் கூட மெல்லிசு. ஸ்டீல் ஊசியின் நம்பர் அமெரிக்காவில் ஒன்று, பழைய பிரிட்டிஷ் ஊசியில் வேறொன்று. மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குவதே நல்லது. முழு விரிப்புக்கும் ஒரே இறுக்கம் தேவையில்லை என்பதும் அனுபவக்காரர்களுக்குத் தெரியும். சிங்கிளை இறுக்கிப் போடவேண்டும், அதுதான் வளையத்தின் ஆணி. மூன்று செயினைச் சீராக, இழுக்காமல் விடவேண்டும். அடியில் உள்ள 10 டபுளும் செயினைத் துளைக்காமல் இடைவெளிக்குள் விழவேண்டும். அப்போதுதான் அவற்றை விரலால் நெருக்கி, விசிறிபோல் சமமாகப் பரப்பலாம்.

ஊசியை விட்டு இறங்கும்போது எந்த அன்னாசியும் கசங்கிய பஞ்சுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துவாயில் சுற்றிப் பிழிந்து, ஜவ்வரிசிக் கஞ்சியிலோ வடிகட்டிய சோற்றுக் கஞ்சியிலோ தோய்க்கிறார்கள். கஞ்சி மோரைவிட நீர்த்திருக்கவேண்டும், இல்லையேல் வளையங்களில் கண்ணாடிபோல் படலம் கட்டும். பிறகு தடித்த ஃபோம் பலகையில், துருப்பிடிக்காத குண்டூசியால் குத்துவது. முதலில் நடு. அடுத்து எட்டு நுனிகள், எதிரெதிராக, கடிகாரத்தில் 12க்குப் பிறகு 6, 3க்குப் பிறகு 9 என்று. அப்புறம் ஷெல்களின் நடு இடைவெளி. வளையங்கள் கடைசியில்.

இந்த நேரத்தில் விரிப்பு உண்மையைச் சொல்லிவிடும். கிண்ணம்போல் எழும்பினால் பழங்களுக்கு நடுவே செயின் போதவில்லை. அலையலையாக நெளிந்தால் செயின் கூடிவிட்டது. ஒரு செயின் அளவு பிசகை ஊசி இழுத்துச் சரிக்கட்டும், மூன்று செயின் பிசகைச் சரிக்கட்டாது. மாசியில் ஹீட்டர் ஓடும் ரொறன்ரோ வீட்டில் காற்று வறண்டிருப்பதால் மெல்லிய விரிப்பு ஒரே இரவில் காய்ந்துவிடும். ஆடிப் புழுக்கத்தில் இன்னும் கொஞ்சம் பொறுக்கவேண்டும். கஞ்சி போட்டதை அலுமாரியில் மடித்துவைக்கக்கூடாது. அடுக்குமாடிகளில் நடமாடும் வெள்ளிப்பூச்சிக்குக் கஞ்சி விருந்து. அலசிக் காயவைத்து, கஞ்சியில்லாமல் சுருட்டிவைப்பார்கள்.

ஸ்காபரோ மேசையில் இருந்த அப்பம் முழுவதும் அவிழ்ந்தது. அந்த அன்ரி புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் டபுள் என்ற இடமெல்லாம் ட்ரெபிள் என்று மாற்றி எழுதிவைத்துக்கொண்டு, அதே நூலில் மறுபடி தொடங்கினார். இப்போது ஏழாம் வரிசை. பக்கத்து வீட்டுப் பெண் குனிந்து வளையங்களை எண்ணுகிறாள்.

"நாலு இருக்கு அன்ரி."

"அப்ப சரி," என்று ஷெல்லுக்கு நூலைச் சுற்றுகிறார் அவர்.