முடிந்தது எது, மீதி எது: அவகாசம் கேட்கும் முறை

சிவில் இன்ஜினியரிங் இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பிராஜெக்ட் செய்வதாக வைத்துக்கொள்வோம். சிமென்ட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்தால் கான்கிரீட்டின் வலிமை என்ன ஆகும் என்பது ஆய்வு. சாம்பல் 0, 10, 20, 30 சதவீதம் என நான்கு கலவைகள். ஒவ்வொன்றிலும் மூன்று கியூப்களை 7ஆம் நாளும், இன்னும் மூன்றை 28ஆம் நாளும் உடைத்துச் சராசரி எடுக்க வேண்டும். சனிக்கிழமை ரிவ்யூ. சோதனையைக் கவனிக்கும் மாணவர் புதன் இரவுக்குள் முடிவுகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கடைசிக் கலவையை வார்க்கத் தாமதமாகிவிட்டதால் அதற்கு வியாழன்தான் 28ஆம் நாள்.

"கொஞ்சம் லேட் ஆகும், தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுது" என்று குழுவில் போட்டால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பத்து சதவீதம் பாக்கி என்று தெரியாமல், வரைபடம் போடுபவரும் அறிக்கை எழுதுபவரும் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். செய்தி இப்படி இருக்கலாம்:

"ரிசல்ட் முழுசா தர வியாழன் ராத்திரி 8 மணி வரைக்கும் டைம் வேணும். 7 நாள் டெஸ்ட் நாலு கலவைக்கும் முடிஞ்சுது. 28 நாள் டெஸ்ட் 0, 10, 20 சதவீதத்துக்கு முடிஞ்சுது. எல்லாம் டிரைவ்ல இருக்கு. பாக்கி 30 சதவீதக் கலவையோட மூணு கியூப் மட்டும்தான், வியாழன் மதியம் உடைக்கிறேன். வரைபடத்தையும் அறிக்கையையும் இப்பவே ஆரம்பிச்சிடுங்க. முடிவுரையை மட்டும் எழுத வேண்டாம்."

இதில் முடிந்ததாகச் சொன்ன ஒவ்வொன்றையும் மற்றவர்கள் திறந்து பார்க்க முடியும். பாதி எழுதிய அட்டவணையோ, சரிபார்க்காத எண்ணோ 'முடிந்தது' பட்டியலில் வரக்கூடாது. முடிவுரையை நிறுத்தி வைக்கச் சொன்னதும் காரணத்தோடுதான். சாம்பல் கலந்த கான்கிரீட் மெதுவாகவே வலுப்பெறும். 7ஆம் நாள் எண்ணைப் பெருக்கி 28ஆம் நாள் எண்ணை ஊகித்தால் கணக்கு தப்பிவிடும்.

மதியம் உடைப்பவர் ஏன் இரவு 8 மணி கேட்கிறார்? இயந்திரத்துக்குக் காத்திருக்க வேண்டும், எண்களைச் சரிபார்க்க வேண்டும். ஆய்வேட்டை எப்போது முடிப்போம் என்று மாணவர்களையே கணிக்கச் சொல்லி உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள், ஆனது 55 நாளுக்கு மேல். அதனால் புதிய கெடுவை ஆசைப்பட்டுச் சொல்லாமல், முந்தைய கலவைகளுக்குப் பிடித்த நேரத்தை வைத்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை அவகாசம் கேட்பது குழுவின் நம்பிக்கையைக் குலைத்துவிடும்.

இந்தச் செய்தி புதன் இரவு போனால் பாதிப் பயன் போய்விடும். வார்ப்பு தள்ளிப்போன அன்றே தாமதம் தெரிந்துவிட்டது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். அவகாசம் கேட்க வேண்டிய நாள், தாமதம் நிச்சயமான நாள்தான். கெடு முடியும் நாள் அல்ல.