பத்து முப்பத்து மூன்றுக்கு என்ன நடந்தது?

"டேட்டாபேஸ் அடிக்கடி ஸ்லோ ஆகிறது. உடனே பாருங்கள்." கிளவுட் நிறுவனத்தின் சப்போர்ட் குழுவுக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒருவர் அதைத் திறக்கும் நேரத்தில் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும். எந்த நேரத்தில், எந்த க்வெரி என்று கேட்டுப் பதில் எழுதுவார். அதிலேயே ஒரு நாள் போய்விடும். விட்டுவிட்டு வரும் கோளாறின் தொல்லையே இதுதான். பார்க்கப் போகும்போது அது இருப்பதில்லை.

ஆகவே, கோளாறு நடந்த நேரத்தையே மின்னஞ்சலில் எடுத்துவைக்க வேண்டும். இணையத்தில் பொருள் விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். அதன் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். 100 ஜிபி வட்டில் இருக்கிறது. திங்களும் வியாழனும் காலையில் வாடிக்கையாளரின் ஆர்டர் பக்கம் திறக்கவே பல நொடிகள் ஆகின்றன. மற்ற நாட்களில் குறையே இல்லை. அவர்கள் எழுத வேண்டிய கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"இந்திய நேரம் காலை 10:33 முதல் 11:20 வரை, அதாவது யுடிசி 05:03 முதல் 05:50 வரை மெதுவாக இருந்தது. 10 மணிக்கு விற்பனை அறிக்கை வேலை தொடங்கியது, 11:20க்கு முடிந்தது. முதல் அரை மணி நேரம் எந்தச் சிக்கலும் இல்லை. அந்த வாரத்தில் மென்பொருளிலோ அமைப்புகளிலோ நாங்கள் எதையும் மாற்றவில்லை."

யுடிசி நேரத்தையும் சேர்த்து எழுதுவது முக்கியம். சப்போர்ட் குழு பார்க்கும் பதிவுகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் இருக்கும். ஐந்தரை மணி நேரம் பிசகினால், அவர்கள் அமைதியான ஒரு வரைபடத்தைப் பார்த்துவிட்டு "கோளாறு தெரியவில்லை" என்று எழுதிவிடுவார்கள்.

அடுத்தது சான்று. `track_io_timing` இயக்கத்தில் இருந்தால், ஒரு க்வெரி வட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதை `EXPLAIN (ANALYZE, BUFFERS)` காட்டிவிடும். ஒரே க்வெரியின் இரண்டு அளவுகளை அருகருகே வைக்கலாம்:

```
10:15  shared hit=6 read=212
       I/O Timings: shared read=201.4
       Execution Time: 204.9 ms
10:50  shared hit=6 read=212
       I/O Timings: shared read=6388.7
       Execution Time: 6392.5 ms
```

இரண்டு முறையும் வட்டிலிருந்து படித்தது 212 பக்கங்கள்தான். அதற்கான நேரம் மட்டும் 0.2 நொடியிலிருந்து 6.4 நொடியாகிவிட்டது. க்வெரி அதேதான், வேலையின் அளவும் அதேதான், வட்டுதான் தாமதிக்கிறது. இங்கே ஒரு கண்ணி உண்டு. க்வெரியை உடனே மறுபடி ஓட்டினால் பக்கங்கள் நினைவகத்திலிருந்து வந்துவிடும், `read` எண் சரிந்துவிடும், க்வெரி வேகமாகத் தெரியும். அதைக் கொண்டு "இப்போது சரியாகிவிட்டது" என்று எழுதக் கூடாது. `read` எண் ஒத்த இரண்டு ஓட்டங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

இனி அந்த 10:33க்கு வருவோம். அந்த நிமிடத்தில் யாரும் எதையும் தொடங்கவில்லை, அதனால்தான் இது புதிராகத் தெரிகிறது. சில கிளவுட் வட்டுகளுக்கு ஒரு ஜிபிக்கு நொடிக்கு 3 வாசிப்பு-எழுத்து என்பதே உறுதியான வேகம். 100 ஜிபிக்கு அது 300. தேவைப்படும்போது 3,000 வரை போகலாம். ஆனால் அதற்குச் சேமிப்புக் கணக்கிலிருந்து செலவாகும். அந்தக் கணக்கு நிரம்பியிருக்கும்போது 54 லட்சம். மொட்டை மாடித் தொட்டியில் மோட்டார் மெல்ல நீர் ஏற்ற, கீழே எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்ட கதைதான். அறிக்கை வேலை நொடிக்கு 3,000 எடுக்கிறது, 300 திரும்ப வருகிறது. நிகரமாக 2,700 குறைகிறது. 54 லட்சத்தை 2,700ஆல் வகுத்தால் 2,000 நொடி, அதாவது சுமார் 33 நிமிடம். வேலை தொடங்கியது பத்து மணிக்கு, வட்டு படுத்தது 10:33க்கு.

கண்காணிப்பு வரைபடத்தில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு. 3,000இல் நின்ற கோடு சட்டென்று இறங்கி, 300இல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் தட்டையாக ஓடும். வேலை தானாகக் குறைந்திருந்தால் கோடு மேலும் கீழுமாக ஆடும். தட்டையாக நிற்பது வரம்பில் முட்டியதைக் காட்டுகிறது. அந்தப் படத்தையும் இணைத்துவிட்டு, கடிதத்தின் முடிவில் ஒரே கேள்வி கேட்டால் போதும்: "யுடிசி 05:03க்கு எங்கள் வட்டின் சேமிப்புக் கணக்கு தீர்ந்ததா? இல்லையென்றால், அந்த நேரத்தில் உங்கள் பக்கம் வேறு பராமரிப்பு ஏதும் நடந்ததா?" ஊகத்தை ஊகமாகவே வைத்து, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும்படி கேட்கும் கேள்வி இது. கடவுச்சொல்லும் வாடிக்கையாளர் விவரமும் கடிதத்தில் இருக்கவே கூடாது.

பதில் "ஆம்" என்றால் வழிகள் தெளிவு. வட்டைப் பெரிதாக்கலாம், 300 ஜிபி ஆனால் உறுதியான வேகம் 900 ஆகும். அல்லது தனி வட்டுள்ள நகல் டேட்டாபேஸில் அறிக்கையை ஓட்டலாம். வேலையை இரவுக்குத் தள்ளுவதும் ஒரு வழிதான். ஆனால் காலியான கணக்கு நிரம்ப, வட்டு முழுக்கச் சும்மா இருந்தாலே 5 மணி நேரம் ஆகும். எனவே கடை சுறுசுறுப்பாகும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, இரவு எத்தனை மணிக்கு அந்த வேலை முடிந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும்.