பாங்கியில் உறங்கும் பணமும் அதன் மெய்யான வட்டியும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் பூமியில் மானாவாரி விவசாயம் செய்வோர் புரட்டாசியில் விதைத்து, தை, மாசி மாதங்களில் மகசூலை விற்றுப் பணம் காண்கிறார்கள். உடனே செலவில்லாத தொகை பாங்கியில் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. "முதல் குறையவில்லை, வட்டியும் ஏறியிருக்கிறது, நஷ்டம் ஏது?" என்று நமது சங்க அங்கத்தினர்கள் கேட்பதுண்டு. பாங்கிப் புத்தகம் ரூபாயை மட்டும் எண்ணுகிறது. அந்த ரூபாய்க்கு எவ்வளவு சாமான் கிடைக்கும் என்பதை அது காட்டுவதில்லை. நஷ்டம் ஒளிந்திருப்பது அவ்விடத்திலேயாம்.

இதற்கு 2010-ஆம் வருஷம் தக்க உதாரணமாகும். 2003 மார்ச்சு முதல் 2011 மே மாதத் தொடக்கம் வரை, வர்த்தகப் பாங்கிகளின் சேமிப்புக் கணக்கிற்கு ரிசர்வ் பாங்கி நிர்ணயித்திருந்த வட்டி வருஷத்திற்கு நூற்றுக்கு 3½ வீதம். ஆலைத் தொழிலாளர் முதலியோரின் ஜீவனச் செலவைக் கணக்கிடும் அகில இந்திய விலைக் குறியெண்ணோ, 2010-இல் சராசரி சுமார் 12 வீதம் உயர்ந்தது.

இவ்விரு வீதங்களையும் வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் 10,000 ரூபாய் போட்டு வைத்தார். பருத்திக்கொட்டை மூட்டை ஒன்று 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவர் கையிலிருந்தது பத்து மூட்டை. வருஷ முடிவில் வட்டி 350 ரூபாய் சேர்ந்து, தொகை 10,350 ஆயிற்று. மூட்டை விலையோ 12 வீதம் ஏறி 1,120 ரூபாய். இப்பொழுது அவர் வாங்கக்கூடியது ஏறக்குறைய ஒன்பதே கால் மூட்டைதான். ரூபாய் 350 கூடியும், முக்கால் மூட்டை குறைந்துவிட்டது. விலையேற்றம் கழிந்தபின் நிற்கும் இப்பலனையே மெய்யான வட்டி என்கிறோம். இங்கே அது நூற்றுக்கு ஏழரைக்குச் சற்று மேற்பட்ட நஷ்டம். வட்டி வீதத்திலிருந்து விலையேற்ற வீதத்தைக் கழித்தால் எட்டரை என்று வரும். அது விரைவில் அறிய உதவும் தோராயக் கணக்கு. புதிய தொகையைப் புதிய விலையால் வகுப்பதே சரியான முறை.

வட்டி அதிகமென்பதனால் மட்டும் லாபம் உண்டாகிவிடாது. அதே விலையேற்றத்தில் 8 வீத வட்டி கிடைத்திருந்தாலும், பத்து மூட்டை ஒன்பதே முக்காலுக்கும் சற்றுக் குறைந்தே இருக்கும். விலை 3 வீதமே ஏறும் வருஷத்தில் அதே 8 வீதம் ஏறக்குறைய பத்தரை மூட்டையாக்கும். மேலும், குறியெண் என்பது பல ஊர்களின், பல பண்டங்களின் சராசரி. தாம் வாங்கும் உரம், விதை, தீவனம் ஆகியவற்றின் சென்ற வருஷத்து ரசீதையும் இவ்வருஷத்து ரசீதையும் ஒப்பிட்டால், தமக்குரிய விலையேற்றம் அவரவர்க்கே விளங்கும்.

ஆகவே, வீட்டுச் செலவிற்கும் அவசரத்திற்கும் வேண்டியதை மட்டும் சேமிப்புக் கணக்கில் வைக்கலாம். மிச்சத்தைப் புரட்டாசிக்கு முன் தவணை முடியும்படி டிபாசிட்டாகப் போட்டால், கூடுதல் வட்டி கிடைக்கும்போது தேய்மானம் குறையும். நகைக்கடன் இருப்பின் முதலில் அதை அடைப்பதே நலம். 10 வீத வட்டிக்குக் கடன்பட்டுக்கொண்டு, 3½ வீதத்திற்குப் பணத்தை வைத்திருப்பவருக்கு, விலைவாசி அசையாத வருஷத்திலும் நூற்றுக்கு 6½ ரூபாய் நஷ்டமே.