மின் கட்டணச் சீட்டும் ஒரு விண்ணப்பமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே ரேஷன் அட்டை முதல் வங்கிக் கடிதம் வரை எது வந்தாலும் என் கைப்பேசிக்கு அதன் படம் வந்துவிடும். 2024 ஜனவரியில் சித்தி ஒரு கரண்ட் பில்லின் படத்தை அனுப்பினார். கூடவே இரண்டே சொற்கள்: ‘லெட்டர் எழுது’.

இரண்டு மாதத்துக்கு 2,670 ரூபாய். இரண்டு மின்விசிறி, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு டி.வி. உள்ள வீடு. வழக்கமாக ஐந்நூறு அறுநூறுதான் வரும். “ஐயா, நாங்கள் ஏழைகள், தயவுசெய்து குறைத்துக் கொடுங்கள்” என்றுதான் முதலில் எழுதத் தோன்றியது. ஆனால் அதைப் படிக்கும் அதிகாரி என்ன செய்ய முடியும்? அவரால் இரக்கத்தைக் கணக்கில் ஏற்ற முடியாது. அளவீட்டைத்தான் திருத்த முடியும்.

எனவே தொகையை விட்டுவிட்டு அளவீட்டைப் பார்த்தேன். முந்தைய அளவு 14,236. தற்போதைய அளவு 14,826. ஆக 590 யூனிட். அதற்கு முந்தைய மூன்று பில்களிலும் 300-ஐத் தாண்டியதே இல்லை.

தொகை இப்படி எகிறியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அப்போதைய வீதப்படி முதல் நூறு யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் அடுத்த நூறு யூனிட் 2.25 ரூபாய், அதற்குமேல் நானூறு வரை 4.50. ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4.50 தான். பிறகு 401 முதல் ஆறு ரூபாய், 501 முதல் எட்டு ரூபாய். யூனிட் இரண்டு மடங்கானால் தொகை நான்கு மடங்குக்கு மேலாவது இதனால்தான். 590 யூனிட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். 1,350, 600, 720, கூட்டினால் சரியாக 2,670. பில் போட்டதில் பிழையில்லை. பிழை இருந்தால் அது அளவீட்டில்தான் இருக்க வேண்டும்.

சித்தியிடம் மீட்டரையும் படம்பிடித்து அனுப்பச் சொன்னேன். முதல் படத்தில் வந்தது மீட்டரில் ஓடும் தேதி! மின்னணு மீட்டரின் திரையில் தேதி, நேரம், மின்னழுத்தம் என மாறி மாறி வரும். “சித்தி, KWH என்ற எழுத்து பக்கத்தில் வரும்வரை காத்திருந்து எடுங்கள்” என்றேன். அடுத்த படம் தெளிவாக வந்தது: 14,571.

இங்கேதான் வழக்கு முடிந்தது எனலாம். வீட்டு மீட்டரின் எண் ஏறுமே தவிர இறங்காது. பத்து நாளுக்கு முன் 14,826 இருந்திருந்தால் இன்று 14,571 இருக்க வழியே இல்லை. முந்தைய அளவீட்டிலிருந்து 70 நாளில் 335 யூனிட், அதாவது நாளுக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவு. பத்து நாள் பின்னோக்கிக் கழித்தால் ஏறக்குறைய 14,523 வருகிறது. 14,526 என்பதில் இருந்த 5 என்ற இலக்கம் 8 ஆகியிருக்கிறது.

கடிதத்தை இப்படி எழுதினேன்:

“உதவி மின்பொறியாளர் அவர்களுக்கு, வணக்கம். மேற்கண்ட இணைப்பு எண்ணுக்கு இம்மாதம் 590 யூனிட் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. பில்லில் தற்போதைய அளவு 14,826 என உள்ளது. ஆனால் பத்து நாள் கழித்து இன்று காலை மீட்டரில் இருப்பது 14,571 மட்டுமே. அளவு தவறாகப் பதிவாகியிருக்கலாம் எனக் கருதுகிறேன். மீட்டரை மீண்டும் பார்வையிட்டு, பில்லைத் திருத்தித் தர வேண்டுகிறேன். இணைப்பு: பில் நகல், மீட்டர் படம், முந்தைய மூன்று பில் நகல்கள்.”

என் ஊகமாகிய 14,526-ஐ நான் வேண்டுமென்றே எழுதவில்லை. அதை அவர்கள் வந்து பார்த்துக் கண்டுகொள்ளட்டும். ‘மோசடி’, ‘அலட்சியம்’ போன்ற சொற்களையும் அடித்துவிட்டேன். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்கி வரச் சொன்னேன்.

சித்திக்கு ஒரே பயம்: “பணம் கட்டாவிட்டால் ஃபீஸைப் பிடுங்கிவிடுவார்களேடா?” 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. துண்டிக்குமுன் பதினைந்து நாள் எழுத்துமூல அறிவிப்பு வேண்டும். தகராறு உள்ளவர், கேட்ட தொகையையோ கடந்த ஆறு மாதச் சராசரியையோ, எது குறைவோ அதை, ஆட்சேபணையுடன் கட்டிவிட்டால் முடிவு தெரியும்வரை துண்டிக்கக் கூடாது. பிரிவு அலுவலகம் பதில் சொல்லாவிட்டால் அதே சட்டப்படி அமைந்த நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும் போகலாம்.

மீட்டரின் எண் பில்லில் உள்ளதைவிடக் கூடுதலாக இருந்திருந்தால் என் கடிதம் செல்லாது. அப்போது மீட்டர் வேகமாக ஓடுகிறதா எனச் சோதிக்கக் கட்டணம் கட்டி விண்ணப்பிப்பதே வழி. அது வேறு கடிதம்.

சித்தியின் வீட்டுக்கு நான்காம் நாள் ஓர் ஊழியர் வந்து மீட்டரைப் பார்த்துப் போனார். திருத்திய பில் 630 ரூபாய். அதையும் சித்தி படம்பிடித்து அனுப்பினார். இம்முறை கூட ஒரு சொல்லும் இல்லை.