மேலடுக்கில் பிரியும் செல்

கருப்பை வாயின் இயல்பான திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், அடித்தட்டை ஒட்டிய செல்கள் மட்டுமே பிரிந்துகொண்டிருக்கும். மேலே ஏறியவை பிரிவதை நிறுத்தி, தட்டையாகி உதிர்ந்துவிடும்.

செல் பிரியுமுன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடி உண்டு. பிரியச் சொல்லி உத்தரவு வரும்வரை ஆர்.பி. என்ற புரதம் செல்லை அங்கே நிறுத்திவைக்கும். டி.என்.ஏ. பழுதாகியிருந்தால் பி53 புரதம் தடுத்து, சரிசெய்ய அவகாசம் தரும்; முடியாதபோது செல்லையே சாகடிக்கும்.

ஹெச்.பி.வி. 16 வைரஸ் இந்த இரண்டையும் குறிவைக்கிறது. அதன் இ7 புரதம் ஆர்.பி.யை முடக்க, இ6 புரதம் பி53ஐ அழிக்கிறது. பழுதோடு படியெடுத்த செல்கள் பெருகுகின்றன. அப்போது ஸ்லைடில் கருத்துப் பெருத்த உட்கருக்கள் தெரியும். மேலடுக்கிலும் செல்கள் பிரியும். கீழ் மூன்றிலொரு பங்கோடு நின்றால் ஆரம்ப மாற்றம். பெரும்பாலும் தானாகவே மறையும். முழுத் தடிமனுக்கும் பரவினால் புற்றுக்கு முந்தைய தீவிர நிலை.

இந்த வைரஸ் தொற்று புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். எனவே 30 வயதைக் கடந்த பெண்கள் அறிகுறிக்காகக் காத்திராமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போடுங்கள்.